‘USB device not recognized’: போர்ட்டா, டிரைவரா, பவரா? ஒரு நிகழ்வு ஆய்வு

வெளியில் வைத்துப் பயன்படுத்தும் ஹார்டு டிஸ்க்கைக் கணினியில் செருகியதும் திரையின் மூலையில் ஒரு அறிவிப்பு வரும்: `USB device not recognized`. கடைசியாகச் செருகிய சாதனம் சரியாக வேலை செய்யவில்லை, விண்டோஸுக்கு அதை அடையாளம் தெரியவில்லை என்பதுதான் அதில் இருக்கும் செய்தி. ஏன் தெரியவில்லை என்பதற்கு அதில் எந்தத் துப்பும் இருக்காது. அதனால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். போர்ட் போச்சு என்பார் ஒருவர், டிரைவரை எடுத்துவிட்டுத் திரும்பப் போடு என்பார் இன்னொருவர், டிஸ்க்கே செத்துவிட்டது என்பார் மூன்றாமவர். இந்த மூன்றையும், தலைப்பில் சொன்ன பவர் குறைவையும், ஊகிக்காமல் சோதித்தே பிரிக்க முடியும். அப்படிப் பிரித்த ஒரு நிகழ்வை முழுதாக எழுதுகிறேன்.

புகார்

டிஸ்க் 2.5 அங்குல அளவு, 2 டிபி. தனி அடாப்டர் கிடையாது, யூஎஸ்பி கேபிள் வழியாக வரும் மின்சாரத்தில்தான் ஓடும். அதன் சொந்தக்காரர் படங்கள் எடுத்துத் திருத்தித் தருபவர். பல வருட வேலை அந்த டிஸ்க்கில் இருந்தது. கணினி ஒரு டெஸ்க்டாப். கேபினட்டின் முகப்பில் இரண்டு யூஎஸ்பி 3 போர்ட், பின்பக்கம் மதர்போர்டிலேயே பொருத்திய நான்கைந்து போர்ட். முகப்புப் போர்ட்டில் நெடுநாள் நன்றாக வேலை செய்த டிஸ்க், கொஞ்ச நாளாக வருவதும் வராததுமாக இருந்து, கடைசியில் அங்கே அடியோடு வராமல் போய்விட்டது. பின்பக்கம் செருகினால் சில நேரம் வந்தது.

“அண்ணே, டிரைவர் கெட்டுப்போச்சுன்னு நினைக்கிறேன். எல்லாத்தையும் அன்இன்ஸ்டால் பண்ணி ரீஸ்டார்ட் பண்ணிட்டேன், டிரைவர் அப்டேட் பண்ற ஒரு சாஃப்ட்வேர் கூடப் போட்டேன். அப்பவும் அதே மெசேஜ்தான்” என்றார். அடுத்து விண்டோஸையே புதிதாக நிறுவுவதாக இருந்தார்.

நிறுவ வேண்டாம் என்று சொல்ல, டிவைஸ் மேனேஜரில் இருந்த ஒரே ஒரு வரி போதுமானதாக இருந்தது.

அந்த ஒரு வரி

விண்டோஸ் விசையோடு R-ஐ அழுத்தி `devmgmt.msc` என்று கொடுத்தால் டிவைஸ் மேனேஜர் திறக்கும். டிஸ்க்கைச் செருகியபடியே பார்த்தால், யூஎஸ்பி பட்டியலின் கீழே மஞ்சள் முக்கோணத்தோடு இப்படி ஒரு பெயர் இருந்தது:

```
Unknown USB Device (Device Descriptor Request Failed)
```

அதை இரட்டைக் கிளிக் செய்தால் முதல் பக்கத்தில் `Code 43` என்று இருக்கும். பலரும் அந்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் 43 என்பது சாதனம் தனக்குக் கோளாறு என்று தெரிவித்தது என்பதற்கான பொதுவான எண், அதை வைத்து ஒன்றையும் பிரிக்க முடியாது. போக வேண்டிய இடம் `Details` தாவல். அங்கே `Property` என்ற பெட்டியில் `Hardware Ids` என்பதைத் தேர்ந்தெடுத்தால் கீழே ஒரு வரி வரும். இங்கே வந்தது இது:

```
USB\VID_0000&PID_0002
```

VID என்பது தயாரிப்பாளரின் எண், PID என்பது அந்தச் சாதனத்தின் எண். நன்றாக இருக்கும் எந்த டிஸ்க்கிலும் VID-க்குப் பிறகு ஏதாவது ஒரு உண்மையான நான்கு இலக்க எண் இருக்கும். இங்கே நான்கும் பூஜ்ஜியம். டிஸ்க் தன்னை இன்னாரென்று சொல்லவே இல்லை, அதனால் விண்டோஸ் தானாக ஒரு வெற்று எண்ணை நிரப்பி வைத்திருக்கிறது.

இது ஏன் இவ்வளவு பெரிய துப்பு என்பது புரிய, செருகியவுடன் என்ன நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். யூஎஸ்பி பிளக்கில் பவர் பின்கள் இரண்டும் டேட்டா பின்களைவிடக் கொஞ்சம் நீளமானவை. அதனால் முதலில் 5 வோல்ட் போய்ச் சேரும், அதன் பிறகுதான் டேட்டா கம்பிகள் தொடும். மின்சாரம் கிடைத்ததும் டிஸ்க் பெட்டிக்குள், டிஸ்க்கையும் யூஎஸ்பியையும் இணைக்கும் சின்ன பிரிட்ஜ் சிப் விழித்துக்கொண்டு, ஒரு டேட்டா கம்பியை மேலே இழுத்து ‘நான் வந்துவிட்டேன்’ என்று காட்டும். கணினி அந்தப் போர்ட்டை ஒரு முறை ரீசெட் செய்துவிட்டு, ‘நீ யார்?’ என்று கேட்கும். பதிலாக 18 பைட் தகவல் வர வேண்டும். VID, PID எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அப்புறம் சாதனத்துக்கு ஒரு முகவரி கொடுக்கப்படும், எவ்வளவு மின்சாரம் வேண்டும் என்ற விவரம் வாங்கப்படும். இத்தனையும் முடிந்த பிறகுதான், அந்த எண்களையும் சாதனத்தின் வகையையும் பார்த்து, எந்த டிரைவரைப் போடலாம் என்று விண்டோஸ் தேடும்.

யூஎஸ்பி 3 டிஸ்க் என்றால் முதலில் வேகமான கம்பிகளில் இணைய முயலும், அது நடக்காவிட்டால் பழைய யூஎஸ்பி 2 கம்பிகளுக்கு இறங்கி வரும். ஆனால் வரிசை மாறாது. முதலில் மின்சாரம், அடுத்து கம்பித் தொடர்பு, அடுத்து அடையாளம், கடைசியில்தான் டிரைவர்.

இப்போது அந்தப் பூஜ்ஜியங்களைத் திரும்பப் பார்க்கலாம். அடையாளமே வரவில்லை என்றால் டிரைவரைத் தேடும் கட்டத்துக்கே விஷயம் போகவில்லை. டிஸ்க்குக்கான டிரைவரை எத்தனை முறை நீக்கிப் போட்டாலும், அந்த டிரைவரை இன்னும் யாரும் கூப்பிடவே இல்லை. டிரைவர் அப்டேட் செய்யும் மென்பொருள்கள் இந்த இடத்தில் எதையும் சரிசெய்ய முடியாது. அவற்றை நிறுவ வேண்டாம் என்றே சொல்வேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. யூஎஸ்பி கன்ட்ரோலருக்கே ஒரு டிரைவர் இருக்கிறது. அது கெட்டிருந்தால் அடையாளம் கேட்பதே நடக்காது. ஆனால் அப்போது அந்த கன்ட்ரோலரின் கீழ் இருக்கும் எந்தப் போர்ட்டிலும் எதுவும் ஒழுங்காக வராது, மவுஸும் கீபோர்டும்கூடத் தடுமாறும். இந்தக் கணினியில் மவுஸும் கீபோர்டும் நன்றாக வேலை செய்தன. அதனால் டிரைவரை அப்போதைக்கு ஒதுக்கிவிட்டோம்.

பென் டிரைவ் சொன்னதும் சொல்லாததும்

மிச்சம் இருப்பது போர்ட்டும் பவரும். அதே முகப்புப் போர்ட்டில் ஒரு பென் டிரைவைச் செருகினால், உடனே வந்தது. இந்த இடத்தில்தான் பெரும்பாலானவர்கள், போர்ட் நன்றாக இருக்கிறது, ஆக டிஸ்க்தான் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். அந்த முடிவு அவசரமானது.

பென் டிரைவ் வேலை செய்ததால் நிரூபணமாவது ஒன்றுதான்: குறைந்த மின்சாரம் எடுக்கும் ஒரு சாதனத்துக்கு அந்தப் போர்ட் போதும். பென் டிரைவில் சுழலும் பாகம் எதுவும் இல்லை. 2.5 அங்குல டிஸ்க்கிலோ ஒரு மோட்டார் இருக்கிறது. நின்ற நிலையிலிருந்து தட்டு சுழல ஆரம்பிக்கும் அந்த ஓரிரு நொடிகளில் அது 1 ஆம்பியர் வரைக்கும் இழுக்கலாம். வேகம் பிடித்த பிறகு தேவை பாதிக்கும் கீழே இறங்கிவிடும். விதிப்படி யூஎஸ்பி 2 போர்ட் ஒன்று தர வேண்டியது 500 மில்லிஆம்பியர், யூஎஸ்பி 3 போர்ட் என்றால் 900. ஆக, டிஸ்க் எழும்பும் அந்த நேரம் எப்போதும் விளிம்பில்தான் நடக்கிறது. நல்ல மதர்போர்டுகள் விதியைவிடக் கொஞ்சம் தாராளமாகத் தருவதால் அது கவனிக்கப்படாமல் போகிறது.

இன்னொன்றும் உண்டு. பென் டிரைவ் யூஎஸ்பி 2 வகையாக இருந்தால், போர்ட்டில் இருக்கும் ஒன்பது பின்களில் நான்கை மட்டுமே தொடும். மற்ற ஐந்தும் யூஎஸ்பி 3-க்கு உரியவை. அவற்றில் பழுது இருந்தாலும் அந்தப் பென் டிரைவுக்குத் தெரியாது. எனவே சோதனைக்கு யூஎஸ்பி 3 பென் டிரைவையே எடுத்து, ஒரு பெரிய கோப்பை நகலெடுத்து, வேகத்தையும் பார்த்தோம். யூஎஸ்பி 2 இணைப்பில் நடைமுறையில் நொடிக்கு 40 எம்பி அளவுக்கு மேல் போகாது. இங்கே அதைத் தாண்டிப் போனது. வேகக் கம்பிகளும் சரி.

டேட்டா கம்பிகள் சரி, குறைந்த பளுவில் பவரும் சரி. அதிகப் பளுவில்?

காதால் கேட்டது

டிஸ்க்கைச் செருகி, காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டோம். மெல்லிய ‘விர்’ என்ற ஒலி எழும்பியது, வேகம் பிடிக்கும் முன்பே ஒரு சின்ன ‘க்ளிக்’, ஒலி அடங்கியது. திரும்ப ‘விர்’, திரும்ப அடங்கல். டிஸ்க்கின் விளக்கு ஒவ்வொரு முறையும் அணைந்து எரிந்தது. விண்டோஸும் அதற்கேற்ப இணைப்பு ஒலியையும் துண்டிப்பு ஒலியையும் மாறி மாறி எழுப்பிவிட்டு, கடைசியில் அந்த அறிவிப்பைக் காட்டியது.

டேட்டா கம்பியில் மட்டும் கோளாறு என்றால் டிஸ்க் எழும்பிச் சுழன்றுகொண்டே இருக்கும், அடையாளம் மட்டும் வராது. விளக்கு அணையக் காரணமில்லை. விளக்கு அணைகிறது என்றால் பிரிட்ஜ் சிப்புக்கே மின்சாரம் போதாமல் அது மயங்கி விழுகிறது, பிறகு புதிதாக எழுகிறது. மோட்டார் எழும்பும்போது மின்னழுத்தம் சரிகிறது, சிப் ரீசெட் ஆகிறது, பளு விலகுகிறது, மின்னழுத்தம் ஏறுகிறது, திரும்பவும் முதலிலிருந்து. அந்தச் சுழலுக்கு நடுவே கணினி ‘நீ யார்?’ என்று கேட்டால் பதில் சொல்ல யாரும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. இப்படி எழும்பி விழுவதை விளையாட்டாகத் திரும்பத் திரும்பச் செய்து பார்க்கக் கூடாது. சுழலும் டிஸ்க்குக்கு அது நல்லதல்ல. அதிலும் க்ளிக் சத்தம் நல்ல மின்சாரத்தில் இருக்கும்போதும் கேட்டால் அது பவர் பிரச்சினை இல்லை, டிஸ்க்கின் உள்ளேயே பழுது.

தனி அடாப்டர் உள்ள ஹப்

அடுத்து, தனக்கென்று அடாப்டர் வைத்திருக்கும் ஒரு யூஎஸ்பி ஹப்பை அதே முகப்புப் போர்ட்டில் செருகி, டிஸ்க்கை ஹப்பில் போட்டோம். டேட்டா போவது அதே போர்ட், அதே உள்கம்பி. 5 வோல்ட் மட்டும் இப்போது ஹப்பின் அடாப்டரிலிருந்து வருகிறது. டிஸ்க் ஒரே மூச்சில் எழும்பியது, பெயரோடு வந்தது, கோப்புகள் எல்லாம் இருந்தன.

அப்போதே செய்த முதல் வேலை முக்கியமான கோப்புறைகளை வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்ததுதான். காரணம் கண்டுபிடிப்பது அதற்கு அப்புறம்.

இந்தச் சோதனை பவரைத்தான் காட்டுகிறது என்று தோன்றும். பெரும்பாலும் சரிதான், ஆனால் முழு நிரூபணம் அல்ல. ஹப் நடுவில் வந்தால் மின்சாரம் மட்டும் மாறுவதில்லை. ஹப் டேட்டா சிக்னலையும் வாங்கிப் புதிதாக்கி அனுப்புகிறது. நலிந்த சிக்னலும் அதனால் தேறிவிடலாம். அதனால் அளந்து பார்ப்பது என்று முடிவு செய்தோம். அடாப்டர் இல்லாத ஹப்பைக் கொண்டு இந்தச் சோதனையைச் செய்வதில் பயனில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அது தன் பங்குக்கும் மின்சாரம் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைத்தான் மற்ற போர்ட்டுகளுக்குப் பிரித்துத் தரும். நிலைமை இன்னும் மோசமாகும்.

மீட்டரும் கேபிளும்

போர்ட்டுக்கும் கேபிளுக்கும் நடுவே செருகும் சின்ன யூஎஸ்பி மீட்டர் ஒன்று, வோல்ட்டையும் ஆம்பியரையும் காட்டும். பின்பக்கப் போர்ட்டில் டிஸ்க் எழும்பும்போது 5.0-லிருந்து 4.9 வோல்ட்டுக்கு இறங்கி நின்றது. முகப்புப் போர்ட்டில் எழும்பும்போது 4.6 வரை விழுந்து, கரண்ட் சட்டென்று பூஜ்ஜியமாகி, திரும்ப 5.0 ஆனது. இந்த மீட்டர்கள் மெதுவானவை, ஒரு நொடிக்கும் குறைவான சரிவின் அடிமட்டத்தைக் காட்டாமல் விட்டுவிடும். உண்மையான சரிவு இதைவிட ஆழமாகத்தான் இருந்திருக்கும்.

இது போர்ட்டின் வாயில் அளந்தது. கேபிளின் மறுமுனையில், டிஸ்க்குக்குக் கிடைப்பது என்ன? அதைக் கணக்கிட்டே சொல்லலாம். டிஸ்க்கோடு வந்த கேபிள் அரை மீட்டருக்கும் குறைவு. அது தொலைந்துபோனதால் சொந்தக்காரர் ஒன்றரை மீட்டர் நீளத்தில் வேறொன்று வாங்கியிருந்தார். மேசைக்குக் கீழே இருக்கும் கேபினட்டிலிருந்து மேலே எட்டுவதற்கு வசதி. கேபிளின் மேலுறையைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தால் சின்ன எழுத்துகள் தெரியும். இதில் `28AWG/2C` என்று இருந்தது. 2C என்பது பவருக்கான இரண்டு கம்பிகள், 28AWG என்பது அவற்றின் தடிமன். எண் கூடக்கூடக் கம்பி மெல்லியது. பவருக்கு `24AWG/2C` போட்ட கேபிள்களும் உண்டு, அவை தடிமனானவை.

28AWG செப்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்கு 0.21 ஓம் அளவு. மின்சாரம் போகவும் வேண்டும், திரும்பி வரவும் வேண்டும், எனவே ஒன்றரை மீட்டர் கேபிளில் மொத்தம் மூன்று மீட்டர் கம்பி, 0.63 ஓம். அதில் 0.9 ஆம்பியர் ஓடினால் 0.57 வோல்ட் கேபிளிலேயே தொலைந்துவிடும். முகப்புப் போர்ட்டின் வாயில் 4.6 இருந்தால் டிஸ்க்குக்குப் போய்ச் சேர்வது 4.0 வோல்ட்டைச் சுற்றித்தான். 2.5 அங்குல டிஸ்க்குகள் பொதுவாக 5 வோல்ட்டில் 5 சதவீதம் கூடுதல் குறைவு வரைக்கும் என்ற கணக்கில் செய்யப்படுபவை, அதாவது 4.75-க்குக் கீழே போகக் கூடாது. பின்பக்கப் போர்ட்டில் 4.9-லிருந்து கழித்தால் 4.3 வரும். அதுவும் குறைவுதான், ஆனால் விளிம்பில் இருப்பதால் சில நேரம் தேறும், சில நேரம் தேறாது. ‘பின்னாடி போட்டால் சில நேரம் வருது’ என்ற புகாரின் காரணம் இதுதான்.

அதே கணக்கை 24AWG கம்பிக்குப் போட்டால் மீட்டருக்கு 0.084 ஓம், ஒன்றரை மீட்டர் கேபிளில் இழப்பு 0.23 வோல்ட் மட்டும். நீளத்தைப் பாதியாக்கினால் அதுவும் பாதியாகும். இந்த ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டால், கேபிளை முதலில் மாற்றிப் பாருங்கள் என்ற அறிவுரைக்குப் பின்னால் இருக்கும் காரணம் விளங்கிவிடும்.

முகப்புப் போர்ட் ஏன் மோசம்

கேபிள் பின்பக்கப் போர்ட்டின் தடுமாற்றத்தை விளக்கிவிட்டது. முகப்பில் போர்ட்டின் வாயிலேயே 4.6 வரை விழுந்ததற்கு வேறு காரணம் வேண்டும். அந்தப் போர்ட் மதர்போர்டில் இல்லை. கேபினட்டுக்குள் ஓடும் இன்னொரு கேபிள் வழியாக, மதர்போர்டில் இருக்கும் 19 பின் இணைப்பில் போய்ச் சேர்கிறது. அந்த 19 பின்னில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 5 வோல்ட் கொண்டுபோவது ஒரே ஒரு பின். அந்த ஒற்றைப் பின்னின் தொடர்பு நலிந்தால் டேட்டாவுக்கு ஒன்றும் ஆகாது, பளு ஏறும்போது மட்டும் வோல்ட் விழும்.

கணினியை அணைத்து, மின்சாரப் பிளக்கையே கழற்றிவிட்டு, பக்கத் தகட்டைத் திறந்து பார்த்தோம். அந்த நீல நிற இணைப்பு ஒரு பக்கம் லேசாக மேலே எழும்பியிருந்தது. கேபினட்டுக்குள் இருக்கும் அந்தக் கேபிள் தடிமனாகவும் விறைப்பாகவும் இருக்கும், வளைத்துக் கட்டியிருந்தால் நாளடைவில் இணைப்பை மெல்ல இழுத்துக்கொண்டே இருக்கும். வராததும் வருவதுமாக ஆரம்பித்து, கடைசியில் அடியோடு நின்றது அதனால்தான். அதை நேராகக் கழற்றி, பின்கள் வளையவில்லை என்று பார்த்து, அடிவரை அழுத்திப் பொருத்தி, கேபிளை இழுவையில்லாமல் தளர்வாகக் கட்டினோம். இந்த இணைப்பைக் கோணலாகப் பிடுங்கினால் பின்கள் வளையும், சில மதர்போர்டுகளில் பிளாஸ்டிக் உறையே கையோடு வந்துவிடும், அதனால் மெதுவாகச் செய்ய வேண்டிய வேலை.

பிளக்கைக் கழற்றியதற்கு இன்னொரு பயனும் உண்டு. டெஸ்க்டாப்பை அணைத்தாலும் யூஎஸ்பி போர்ட்டுகளுக்குப் பெரும்பாலும் 5 வோல்ட் போய்க்கொண்டேதான் இருக்கும். அளவுக்கு மீறிய கரண்ட்டைப் பார்த்துத் தன்னை மூடிக்கொண்ட போர்ட், அந்த மின்சாரமும் அற்றுப்போனால்தான் சில நேரம் திரும்பத் திறக்கும். ‘ரெண்டு நிமிஷம் பிளக்கைப் பிடுங்கி வச்சேன், சரியாயிடுச்சு’ என்று பலர் சொல்வதில் உண்மை இருக்கிறது. லேப்டாப்பில் இதற்கு ஈடாக, சார்ஜரைக் கழற்றிவிட்டு `shutdown /s /t 0` என்று கட்டளை கொடுத்து முழுமையாக அணைக்கலாம். ஸ்டார்ட் மெனுவில் அணைப்பது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இயங்கும் கணினிகளில், டிரைவர்களின் நிலையைச் சேமித்துவைத்துவிட்டு அணைவதுதான்.

இணைப்பை அழுத்திய பிறகு முகப்புப் போர்ட்டில் சரிவு 4.85 அளவில் நின்றது. குட்டையான கேபிள் ஒன்றைப் போட்டோம். ஹப் இல்லாமல், முகப்புப் போர்ட்டிலேயே டிஸ்க் எழும்பி வந்தது. நடுவில் ஹப் இல்லாததால், அது சிக்னலைச் சரிசெய்திருக்குமோ என்ற சந்தேகமும் அதோடு தீர்ந்தது. குறைபாடு பவரில், அந்தப் பவர் தொலைந்த இடங்கள் இரண்டு: உள் இணைப்பின் ஒரு பின்னும் வெளிக் கேபிளின் மெல்லிய கம்பியும்.

அப்புறம் வந்த இரண்டாவது புகார்

சில நாளில் திரும்ப அழைத்தார். இந்த முறை செருகியதும் டிஸ்க் வருகிறது, வேலையும் செய்கிறது. கொஞ்ச நேரம் தொடாமல் விட்டுத் திரும்பிப் பார்த்தால் காணோம், சில நேரம் அதே பழைய அறிவிப்பு வருகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் அதே நோய். ஆனால் இங்கே வரிசை வேறு. அடையாளம் வந்துவிட்டது, டிரைவர் ஏறிவிட்டது, பிறகுதான் விழுகிறது. டிஸ்க் இருக்கும்போது `Hardware Ids` பார்த்தால் உண்மையான எண்கள் இருந்தன. மோட்டார் எழும்பும் நேரத்தில் சிக்கல் இல்லை, சும்மா இருக்கும் நேரத்தில்தான் சிக்கல்.

இது விண்டோஸ் மின்சாரத்தை மிச்சப்படுத்த, பயன்பாடில்லாத யூஎஸ்பி சாதனத்தைத் தூங்க வைப்பதால் வருவது. சில பிரிட்ஜ் சிப்புகள் தூங்கினால் ஒழுங்காக எழுவதில்லை. டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு `USB Root Hub` பெயரையும் திறந்து, `Power Management` தாவலில் `Allow the computer to turn off this device to save power` என்ற டிக்கை எடுத்தோம். பவர் ஆப்ஷன்ஸில் `USB selective suspend setting` என்பதையும் நிறுத்தினோம். டிஸ்க் அதற்குப் பிறகு நிலையாக இருந்தது. பேட்டரியில் ஓடும் லேப்டாப்பில் இதைச் செய்தால் பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரும், அதைத் தெரிந்து செய்யலாம்.

பவர் என்ற ஒரே சொல்லால் இரண்டையும் சொல்கிறோம், ஆனால் முதலாவது கம்பியில் இருந்த குறை, இரண்டாவது அமைப்பில் இருந்த குறை. கம்பிக் குறையை இந்த டிக்கை எடுத்துச் சரிசெய்ய முடியாது. முதல் புகாருக்கே இந்த டிக்கை எடுத்துப் பார்த்துவிட்டு, அதுவும் பலிக்கவில்லை என்று சோர்ந்துபோகிறவர்கள் நிறைய.

டிரைவராகவே இருந்திருந்தால்

இந்த நிகழ்வில் டிரைவருக்குப் பங்கில்லை. இருந்திருந்தால் எப்படித் தெரிந்திருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். VID-யில் உண்மையான எண் இருக்கும், ஆனால் மஞ்சள் முக்கோணமும் இருக்கும். எண் `Code 28` என்றால் டிரைவர் ஏறவே இல்லை. `Code 10` என்றால் சாதனம் தொடங்க முடியவில்லை, `Code 39` என்றால் டிரைவர் கோப்பு காணவில்லை அல்லது சிதைந்திருக்கிறது. அப்போதுதான் அந்தப் பெயரை வலது கிளிக் செய்து நீக்கிவிட்டு, டிஸ்க்கைக் கழற்றித் திரும்பச் செருகுவதில் பொருள் இருக்கிறது. இந்த மாதிரி டிஸ்க்குகளுக்கு விண்டோஸோடு வரும் டிரைவரே போதும், வெளியிலிருந்து தேட வேண்டிய அவசியம் கிடையாது.

எல்லாச் சாதனத்தையும் ஒரே இடத்தில் பார்க்க, புதிய விண்டோஸ் 10, 11 பதிப்புகளில் இந்தக் கட்டளை உதவும். கோளாறு உள்ளவற்றை மட்டும் காட்டும்:

```
pnputil /enum-devices /problem
```

சந்தேகம் தீரவில்லை என்றால் விண்டோஸையே வழியிலிருந்து விலக்கிவிடலாம். பென் டிரைவிலிருந்து ஒரு லினக்ஸை ஏற்றி, அதே போர்ட்டில், அதே கேபிளில் டிஸ்க்கைச் செருகி, டெர்மினலில் `sudo dmesg -w` கொடுத்தால் நடப்பது வரிவரியாக ஓடும்:

```
usb 1-2: device descriptor read/64, error -71
usb 1-2: device not accepting address 8, error -71
usb usb1-port2: unable to enumerate USB device
```

லினக்ஸிலும் இதே கதை என்றால் விண்டோஸ் டிரைவர் மீது பழி போட இடமில்லை. -71 என்றால் தொடர்பு விதிப்படி நடக்கவில்லை, பதில் சிதைந்து வந்திருக்கலாம், கம்பியையும் தொடர்பையும் பார்க்க வேண்டும். -110 என்றால் நேரத்துக்குள் பதிலே வரவில்லை. `over-current condition` என்று ஒரு வரி வந்தால் போர்ட் தானே பவர் மீறியதைச் சொல்லிவிடுகிறது. முதல் இரண்டு எண்களும் எந்தப் பக்கம் சந்தேகப்படலாம் என்பதைத்தான் காட்டும், அவற்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. பவர் சரிந்தால் இரண்டுமே வரலாம்.

போர்ட்டாகவே இருந்திருந்தால்

அது இன்னும் எளிது. எதைச் செருகினாலும் அந்த ஒரு போர்ட்டில் மட்டும் பூஜ்ஜிய எண் வரும், அல்லது எந்தச் சலனமும் இருக்காது. பிளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் வரும். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்தோ, பின் ஒன்று மடங்கியோ, தூசி அடைத்தோ இருக்கும். மடங்கிய பின் பக்கத்துப் பின்னைத் தொட்டுக்கொண்டிருந்தால் அந்தப் போர்ட்டில் வேறெதையும் செருகிப் பார்க்க வேண்டாம். தூசியை எடுக்கக் கணினியை அணைத்துவிட்டு உலர்ந்த மென்மையான பிரஷ் போதும், உலோகம் எதையும் உள்ளே விடக் கூடாது.

இதற்கு மேலும் வரவில்லை என்றால்

குட்டையான நல்ல கேபிள், அடாப்டர் உள்ள ஹப், வேறொரு கணினி, மூன்றும் சேர்ந்தும் பூஜ்ஜிய எண்தான் வருகிறது என்றால் குறை டிஸ்க் பெட்டிக்குள் இருக்கிறது. அப்போது கேட்க வேண்டியது, தட்டு சுழல்கிறதா என்பது. சீராகச் சுழன்றும் அடையாளம் வரவில்லை என்றால் பெரும்பாலும் பிரிட்ஜ் பலகையோ, அதன் கேபிள் துளையோ போயிருக்கும். சில பெட்டிகளில் உள்ளே இருப்பது சாதாரண சாட்டா டிஸ்க். அதை வெளியே எடுத்து நேரடியாக இணைத்துக் கோப்புகளை மீட்கலாம். வேறு சிலவற்றில் யூஎஸ்பி துளையே டிஸ்க்கின் சொந்தப் பலகையில் பற்றவைத்திருக்கும், சாட்டா இணைப்பு என்று ஒன்றே இருக்காது. இன்னும் சிலவற்றில் பிரிட்ஜ் சிப் எல்லாவற்றையும் குறியாக்கம் செய்து எழுதியிருக்கும், பயனர் கடவுச்சொல் எதுவும் வைக்காவிட்டாலும் கூட. அப்படிப்பட்ட டிஸ்க்கைத் தனியே எடுத்து இணைத்தால் விண்டோஸ் அதை வெற்று டிஸ்க்காகப் பார்த்து `Initialize Disk` என்று கேட்கும். அதற்குச் சம்மதம் கொடுக்காமல் மூடிவிட வேண்டும். பழைய பலகையைத் தூக்கி எறியாமல் டிஸ்க்கோடு சேர்த்துவைத்து, மீட்பு வேலை செய்பவரிடம் இரண்டையும் ஒன்றாகவே கொடுக்க வேண்டும்.